ஒரு வாய்ச் சோறு எங்கே போகிறது? செரிமானப் பாட்டில் எதுகையும் உண்மையும்

பள்ளிச் சுவரில் தொங்கும் சார்ட்டுக்காகச் செரிமானப் பாட்டு எழுதும்போது தப்பு நேர்வது பெரும்பாலும் எதுகைக்குச் சொல் தேடும் இடத்தில்தான். "கல்லீரல் கடந்து கணையம் புகுந்து" என்று எழுதினால் காதுக்கு இதமாக இருக்கிறது. மோனை கச்சிதம், தாளமும் தட்டவில்லை. ஆனால் சோறு கல்லீரலைக் கடப்பதும் இல்லை, கணையத்தில் புகுவதும் இல்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளை அந்த அடியை மனப்பாடம் செய்துவிட்டால், பிறகு பாடப்புத்தகம் எத்தனை முறை சொன்னாலும் பாட்டுதான் முதலில் நினைவுக்கு வரும். அதனால் பாட்டின் ஒவ்வொரு அடியையும் உறுப்பின் வேலையோடு ஒட்டிப் பார்த்தே எழுத வேண்டியிருக்கிறது. கீழே இருபத்து நான்கு அடியில் அப்படி ஒரு பாட்டு கட்டப்படுகிறது. எந்தச் சொல் ஏன் நின்றது, எது ஏன் போனது என்பதும் கூடவே வருகிறது.

முதலில் கவளத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எழுதுவதால் கேழ்வரகுக் களி என்று தொடங்கத் தோன்றும். ஆனால் களியை யாரும் மெல்வதில்லை. உருண்டையைக் கிள்ளி, கீரைக் கடைசலிலோ குழம்பிலோ தோய்த்து அப்படியே விழுங்குவதுதான் வட ஆற்காட்டு வழக்கம். பல்லுக்கும் உமிழ்நீருக்கும் அங்கே வேலை குறைவு, பாட்டின் முதல் பத்தியே காலியாகிவிடும். பிரியாணியில் எல்லாச் சத்தும் உண்டு, ஆனால் இறைச்சி உண்ணாத வீட்டுப் பிள்ளைக்கு அது வேறு யாரோ சாப்பிட்ட கவளமாகிவிடும். பருப்புச் சோறு, மேலே நெய், தொட்டுக்கொள்ள இலவம்பாடி முள் கத்தரிக்காய் என்று எடுத்துக்கொண்டால் நான்கு பேர் ஒரே வாயில் ஏறிவிடுகிறார்கள். சோறு மாவுச்சத்து, பருப்பில் மாவோடு புரதம், நெய் கொழுப்பு, கத்தரித் தோலும் விதையும் நார். உடம்பு இந்த நான்கையும் நான்கு விதமாக நடத்துகிறது. ஒரே உருண்டை வாயில் நுழைந்து கரைந்து வெளியேறுவதாகச் சொல்லும் பாட்டு இந்த இடத்திலேயே கோட்டை விடுகிறது. கவளம் போகப் போகப் பிரிந்துகொண்டே போகிறது என்பதுதான் பாட்டின் கதையாக இருக்க வேண்டும்.

பருப்புச் சோற்றில் நெய்யை விட்டேன்,
விருப்பாய்க் கத்தரிக் காயைத் தொட்டேன்;
ஒருவாய் மென்றால் உமிழ்நீர் ஊறும்,
சிறிதே சோறு சீனியாய் மாறும்.

பருப்பு, விருப்பு என்ற எதுகையும் விட்டேன், தொட்டேன் என்ற இயைபும் முதல் இரண்டடியைத் தூக்கிச் செல்கின்றன. மூன்றாம் அடியில் ஒருவாய், உமிழ்நீர், ஊறும் என்று மோனை வருகிறது. ஒகரமும் உகரமும் மோனைக்கு உறவுக்காரர்கள் என்பதால் அது செல்லும். இந்த இடத்தில் கைக்கு எளிதாக வருகிற இன்னொரு வடிவம், "ஒருவாய் அள்ளி மென்று பார்த்தேன், உமிழ்நீர் ஊற இனிப்பைச் சேர்த்தேன்." பாட அழகாக இருந்தாலும் உமிழ்நீர் இனிப்பைச் சேர்ப்பதில்லை. அதிலுள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தின் நீண்ட சங்கிலியை வெட்டுகிறது. வெட்டுப்பட்ட சிறு துண்டுகளில் ஒன்றான மால்டோஸ் நாக்குக்கு லேசாக இனிக்கிறது. வெளியிலிருந்து எதுவும் வரவில்லை, உள்ளே இருந்ததுதான் உருமாறியது. அதனால் "மாறும்" நின்றது, "சேர்த்தேன்" போனது.

"சிறிதே" என்ற சொல்லும் சும்மா போட்டதல்ல. வாயில் கவளம் இருப்பது அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம். அதற்குள் மாவுச்சத்தில் கொஞ்சம்தான் வெட்டுப்படும். விழுங்கிய பிறகும் கவளத்தின் நடுப்பகுதிக்குள் இரைப்பை அமிலம் ஊறிச் சேரும்வரை, சுமார் அரை மணி நேரம் அமைலேஸ் வேலை செய்கிறது. பிறகு அமிலம் அதை முடக்கிவிடும். மிச்ச மாவுச்சத்து சிறுகுடலில்தான் செரிக்கிறது.

இந்த அடியை வகுப்பிலேயே சோதித்துப் பார்க்கலாம். வடித்த கஞ்சியில் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, இரண்டு சோதனைக் குழாயில் ஐந்து மில்லி வீதம் ஊற்ற வேண்டும். ஒன்றில் மட்டும் ஒரு மில்லி உமிழ்நீர் சேர்த்து, இரண்டையும் உடல் சூட்டளவு வெதுவெதுப்பான நீரில் பதினைந்து நிமிடம் வைத்துவிட்டு, ஆறியபின் இரண்டு சொட்டு அயோடின் விட வேண்டும். உமிழ்நீர் இல்லாத குழாய் கருநீலமாகும், மற்றதில் நீலம் வராது அல்லது வெளிறியிருக்கும். இரண்டிலும் நீலம் வந்தால் கஞ்சி கெட்டியாக இருந்தது என்று அர்த்தம், இன்னும் நீர் கலந்து பார்க்கலாம். இரண்டிலுமே நீலம் வராமல் போனால் நீர் கொதிசூட்டில் இருந்திருக்கும். சூட்டில் மாவுச்சத்துக்கும் அயோடினுக்கும் உள்ள நிறப் பிணைப்பு கலைந்துவிடும், ஆறினால் நீலம் திரும்பி வரும். குழாய் ஆறும் முன்பே சொட்டு விட்டுவிட்டு, மாவு எல்லாம் செரித்துவிட்டது என்று எழுதிக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு.

மூச்சின் வாசல் மூடிக் கொள்ளும்,
பேச்சை நிறுத்து, கவளம் செல்லும்;
அலையலை யாகத் தசைகள் அழுத்தும்,
தலைகீழ் நின்றும் இரைப்பையில் செலுத்தும்.

தொண்டையில் சோறும் மூச்சும் ஒரே சந்தியில் வந்து பிரிகின்றன. விழுங்கும் அந்தக் கணத்தில் குரல்வளை மேலேறி, குரல்வளைமூடி என்ற மடல் அதன்மேல் சாய்கிறது, மூச்சு ஒரு நொடி நிற்கிறது. பேசவோ சிரிக்கவோ மூச்சு வெளியே வர வேண்டும், அப்போது வாசல் திறந்திருக்கும், ஒரு பருக்கை உள்ளே தவறினால் புரையேறும். யாரோ நினைக்கிறார்கள் என்று தலையில் தட்டுவது நம் வழக்கம். பருக்கையை வெளியே தள்ளுவது அந்தத் தட்டு அல்ல, இருமல்தான். "பேச்சை நிறுத்து" என்ற கட்டளை பாட்டில் இருப்பதால் ஆசிரியர் அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நான்காம் அடியில் "தலைகீழ் நின்றும் கீழே செலுத்தும்" என்றுதான் பேனா முதலில் ஓடும். தலைகீழாக நிற்பவனுக்கு இரைப்பை மேலே அல்லவா இருக்கிறது! அலை எந்தத் திசையில் போகிறது என்பதை இரைப்பையை வைத்துத்தான் சொல்ல முடியும், மேல் கீழ் வைத்துச் சொன்னால் அடி தன்னையே மறுத்துக்கொள்ளும். உணவுக்குழலின் நீளம் சுமார் 25 சென்டிமீட்டர், கவளம் அதைக் கடக்க எட்டிலிருந்து பத்து நொடி ஆகிறது. கவளத்துக்குப் பின்னால் உள்ள வளையத் தசை சுருங்க, முன்னால் உள்ளது தளர்வதால் அது நகர்கிறது. சும்மா விழுவதில்லை. உணவுக்குழல் என்ற பெயர் பாட்டில் வரவில்லை, படத்தில் குறித்தால் போதும். உறுப்புகளின் பெயர் எல்லாவற்றையும் பாட்டில் திணித்தால் அது பெயர்ப் பட்டியலாகிவிடும், என்ன நடக்கிறது என்று சொல்ல இடம் இருக்காது.

இரைப்பை பிசையும், அமிலம் சொரியும்,
பருப்பின் புரதம் பகுதி பிரியும்;
மூன்று நான்கு மணியாய்க் கடையும்,
தோன்றும் கூழே குடலை அடையும்.

இரைப்பைதான் எல்லாவற்றையும் செரித்து முடிக்கிறது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. வயிறு என்ற சொல்லை நாம் தொப்புளைச் சுற்றியுள்ள மொத்த இடத்துக்கும் புழங்குவதாலும் இருக்கலாம். உண்மையில் இங்கே கவளத்தின் நால்வரில் ஒருவர்மேல்தான் பெரிய நடவடிக்கை. ஹைட்ரோகுளோரிக் அமிலம் பருப்புப் புரதத்தின் சுருளை அவிழ்க்கிறது, பெப்சின் அதைத் துண்டுகளாக்குகிறது. அந்தத் துண்டுகள் இன்னும் உறிஞ்சும் அளவுக்குச் சிறியவை அல்ல. அதனால்தான் "பகுதி பிரியும்." சோற்றுக்கு இரைப்பை சுரக்கும் நொதி இல்லை. நெய்க்குக் குறைவு. நாருக்கு ஒன்றும் இல்லை.

கடையும் என்ற சொல்லுக்கு ஈடான வேறொன்று கிடைக்கவில்லை. கீரையை மத்தால் கடையும்போது சட்டியின் அடியில் இருப்பது மேலே வந்து, மேலே இருப்பது அடியில் போய், திரும்பத் திரும்ப நசுங்குகிறது அல்லவா, இரைப்பையின் கீழ்ப்பகுதி செய்வதும் அதேதான். நிமிடத்துக்கு மூன்று அலை. ஒவ்வொரு அலையும் உணவைக் குடல்வாய் நோக்கித் தள்ளுகிறது, வாசலோ இறுகி நிற்கிறது, மோதிய உணவு பின்னால் தெறித்து மறுபடி நசுங்குகிறது. இரண்டு மில்லிமீட்டருக்கும் சிறிதாகப் பொடிந்ததுதான் பெரும்பாலும் வாசல் தாண்டுகிறது. "தோன்றும் கூழே" என்பதில் உள்ள ஏகாரம் அந்த வாசல்காரன். கூழ் மட்டும்தான் போகும் என்று ஒரே எழுத்தில் சொல்லிவிடுகிறது. அதைக் "கூழும்" என்று மாற்றிப் பாடினால் பொருள் கெடும்.

மூன்று நான்கு மணி என்பது சாதாரணச் சாப்பாட்டுக்கு. கொழுப்பு அதிகமானால் முன்சிறுகுடல் ஹார்மோன் வழியாக இரைப்பைக்கு "மெதுவாக அனுப்பு" என்று செய்தி விடுகிறது. ஆம்பூர் பிரியாணி சாப்பிட்ட மதியம் சாயங்காலம்வரை பசி எடுக்காததற்கு இது முக்கியக் காரணம். வெறும் கஞ்சித் தண்ணீரோ அரைமணியில் பாதிக்குமேல் இறங்கிவிடும்.

பித்தநீர் நெய்யைத் துளியாய் உடைக்கும்,
மொத்தமும் வெட்டக் கணையநீர் கிடைக்கும்;
கல்லீரல் உள்ளே கவளம் போகாது,
சொல்லப் போனால் கணையமும் காணாது.

தொடக்கத்தில் சொன்ன தப்பு இங்கே நேருக்கு நேர் மறுக்கப்படுகிறது. குழந்தைப் பாட்டில் "போகாது, காணாது" என்று எதிர்மறை வைக்கலாமா என்று தயங்க வேண்டாம். இந்தப் பாடத்தில் பிள்ளைகள் அதிகம் தடுமாறும் இடமே இதுதான், தடுமாற்றம் இருக்கும் இடத்தில் மறுப்பு வேண்டும். உணவு போகும் குழாய் ஒன்றே ஒன்று. வாயில் தொடங்கி ஆசனவாயில் முடிகிறது. கல்லீரலும் பித்தப்பையும் கணையமும் அந்தக் குழாய்க்கு வெளியே நிற்கின்றன. அங்கிருந்து நாளம் வழியாகச் சாறு மட்டும் முன்சிறுகுடலுக்குள் வந்து சேர்கிறது. பித்தநீர் உண்டாவது கல்லீரலில், சேர்த்து வைப்பது பித்தப்பையில். நெய் முன்சிறுகுடலைத் தொட்டதும் பித்தப்பை சுருங்கி அதை வெளியேற்றுகிறது.

பித்தநீரில் செரிக்கும் நொதி எதுவும் இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எண்ணெய்ப் பிசுக்கேறிய சட்டியில் சீயக்காய்த் தூள் செய்வதைத்தான் அது நெய்யிடம் செய்கிறது. பெரிய துளியைச் சிறுசிறு துளியாகச் சிதறடிக்கிறது. அதன்பிறகு கணையநீரில் உள்ள லிப்பேஸ் அந்தத் துளிகளை வெட்டுகிறது. அதே கணையநீரில் மாவுக்கு அமைலேஸும் புரதத்துக்கு டிரிப்சினும் இருப்பதால்தான் "மொத்தமும் வெட்ட" என்று எழுத முடிந்தது. கூடவே காரத்தன்மையுள்ள பைகார்பனேட்டும் வந்து இரைப்பை அமிலத்தின் புளிப்பை ஆற்றுகிறது. அது இல்லாவிட்டால் இந்த நொதிகள் எதுவும் இயங்கா. பாட்டில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. ஆசிரியர் வாயால் சொல்லட்டும்.

விரிந்த சிறுகுடல் உறிஞ்சிகள் ஆடும்,
கரைந்த சத்தெலாம் உள்ளே ஓடும்;
சீனியும் புரதத் துணுக்கும் குருதியில்,
தானே தனியாய் நெய்யோ நிணநீரில்.

இதற்கு எதுகை தேடும்போது "சுருண்ட" என்று தொடங்கி "திரண்ட சத்தை" என்று அடுத்த அடிக்குப் போவது மிக எளிது. இரண்டும் சேர்ந்து ஒலிக்கும் விதமும் நன்றாக இருக்கும். ஆனால் திரள்வது என்றால் கட்டிபடுவது, வெண்ணெய் திரள்கிற மாதிரி. குடலில் நடப்பதோ அதற்கு நேர் எதிர். கரைந்து, மூலக்கூறு அளவுக்குச் சிறுத்தால்தான் உறிஞ்ச முடியும். "உறிஞ்சிகள் கோடி" என்றும் ஒரு அடி வாய்ப்பாக வந்து நின்றது. பாட்டில் கோடி என்பது நிறைய என்ற பொருளில் வரும், சார்ட்டில் அதைப் பிள்ளைகள் எண்ணாக எடுத்துக்கொள்வார்கள். சரிபார்க்காத எண்ணை எதுகைக்காக எழுதக் கூடாது என்று விட்டாயிற்று. உறிஞ்சிகள் ஆடும் என்பது அழகுக்காக மட்டும் வந்ததல்ல. குடலின் உட்சுவரில் விரல்போல் நீட்டிக்கொண்டிருக்கும், ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவான அவை தாமாகச் சுருங்கி நீண்டு அசைகின்றன.

சிறுகுடலின் நீளம் ஆறு மீட்டர் என்று பாடப்புத்தகங்களில் காண்பது இறந்த உடலில் தசை தளர்ந்தபின் அளந்தது. உயிருள்ளவரில் தசை இறுக்கத்தால் அது இதைவிடக் குட்டையாக இருக்கும். உறிஞ்சும் பரப்பைப் பற்றி இன்னும் பெரிய மிகை உலவுகிறது. டென்னிஸ் மைதானம் அளவு என்று பல சார்ட்டுகளில் எழுதியிருக்கும். 2014-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் இருவர் மறுபடி அளந்து கணக்கிட்டபோது சுமார் 30 சதுர மீட்டர் என்று வந்தது. சின்ன வகுப்பறை ஒன்றின் தரை அளவு. பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் அறையையே காட்டி, இவ்வளவு பரப்பு உன் வயிற்றுக்குள் மடிந்து கிடக்கிறது என்று சொல்லலாமே, டென்னிஸ் மைதானத்தைப் பார்த்திராத பிள்ளைக்கு அது எதற்கு?

அந்த மடிப்பும் விரலும் தேய்ந்தால் என்ன ஆகும் என்பது இந்த வட்டாரத்தின் மருத்துவ வரலாற்றிலேயே இருக்கிறது. 1960-களில் அன்றைய வட ஆற்காடு மாவட்டத்துக் கிராமங்களில் வெப்பமண்டல ஸ்ப்ரூ என்ற நோய் ஊர் ஊராகப் பரவியது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் செல்வின் பேக்கர், வி. ஐ. மாத்தன் ஆகியோர் அதை ஆராய்ந்து எழுதியவை உலக அளவில் குடல் மருத்துவர்கள் படித்தவை. அந்த நோயில் குடலுறிஞ்சிகள் மழுங்கிக் குட்டையாகின்றன. நோயாளி சாப்பிடுகிறார், இரைப்பை கடைகிறது, சாறுகள் சுரக்கின்றன, ஆனால் கரைந்த சத்து உள்ளே போக வாசல் குறைந்துவிடுகிறது. பேதி, உடல் மெலிவு, மலத்தில் கொழுப்பு, ஃபோலிக் அமிலமும் பி12 வைட்டமினும் குறைவதால் இரத்தசோகை. செரிப்பது வேறு, உறிஞ்சுவது வேறு என்பதை விளக்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது. பாட்டில் நான்காம் பத்தியில் செரிமானமும் ஐந்தாம் பத்தியில் உறிஞ்சுதலும் தனித்தனியாக நிற்பதற்குக் காரணமும் இதுவே.

மூன்றாம் நான்காம் அடிகளில் கவளத்தின் கூட்டம் கலைகிறது. சோற்றிலிருந்து வந்த குளுக்கோஸும் பருப்பிலிருந்து வந்த அமினோ அமிலங்களும் உறிஞ்சிக்குள் உள்ள இரத்த நுண்குழாயில் ஏறி, நேராகக் கல்லீரலுக்குப் போகின்றன. இந்த இடத்தில் கூர்மையான பிள்ளை ஒன்று கேட்கும்: "கல்லீரலுக்குள் கவளம் போகாது என்றீர்களே?" கவளம் போகவில்லை, அதிலிருந்து உறிஞ்சிய சத்து இரத்தம் வழியாகப் போகிறது. நெய்யின் பெரும்பகுதி அந்த வழியிலும் சேராமல், உறிஞ்சியின் நடுவில் உள்ள நிணநீர்க் குழலில் ஏறி, மார்பு வழியாக மேலே போய்க் கழுத்தடியில் உள்ள சிரையில் கலக்கிறது. கல்லீரலை அது பிறகுதான் சந்திக்கிறது. ஒரே விரலால் அள்ளிய வாயில் நெய்யும் சோறும் ஒட்டிக்கொண்டிருந்தன, இங்கே இரண்டும் இரண்டு பாதை. "தானே தனியாய்" என்ற சொற்கள் அதற்குத்தான்.

பெருங்குடல் மீந்த தண்ணீர் குடிக்கும்,
ஒருநாள் முழுதும் நாரைப் பிடிக்கும்;
நுண்ணுயிர்க் கூட்டம் நாரில் பசியாறும்,
உண்ணாத மிச்சமும் மலமாய் வெளியேறும்.

"மீந்த" என்ற சொல்லை எடுத்துவிட்டால் முதல் அடி பொய்யாகிவிடும். தண்ணீரை உறிஞ்சுவது பெருங்குடலின் வேலை என்று மட்டும் படித்தவர்கள், சிறுகுடல் தண்ணீரைத் தொடுவதே இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு நாளில் சிறுகுடலுக்குள் வரும் நீர் சுமார் ஒன்பது லிட்டர். அதில் நாம் குடித்தும் உண்டும் வந்தது இரண்டு லிட்டர்தான், மற்றதெல்லாம் உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர், கணையநீர், குடல் நீர் என்று உடம்பே சுரந்தது. அதில் ஏழெட்டு லிட்டரைச் சிறுகுடலே திரும்ப எடுத்துக்கொள்கிறது. பெருங்குடலுக்கு மீந்து வருவது ஒன்றரை லிட்டர் அளவு. மலத்தோடு போவது நூறு, இருநூறு மில்லி. பாலாற்றில் வெள்ளம் வடிந்தபின் மிச்சமிருக்கும் கசிவை மணல் உறிஞ்சிவிட்டு வண்டலை மட்டும் மேலே விடுவதைப் பார்த்த பிள்ளைகளுக்கு இந்த ஒப்புமை போதும்.

நால்வரில் கடைசியாக மீந்தது கத்தரி நார். செல்லுலோஸை வெட்டும் நொதி மனித உடம்பில் இல்லை. பெருங்குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதில் ஒரு பகுதியை நொதிக்கவைத்து, சிறிய கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. குடலின் சுவரே அவற்றை எரிபொருளாக எடுத்துக்கொள்கிறது. காற்றும் அப்போது உண்டாவதுதான். தோலின் தடித்த பகுதியும் மெல்லப்படாத விதைகளும் அப்படியே வெளியேறும்.

கடைசி அடியில் "மிச்சம்" என்று எழுதாமல் "மிச்சமும்" என்று எழுதியதில் ஒரு கணக்கு இருக்கிறது. மலம் என்றால் செரிக்காத உணவு என்று எழுதிவைப்பது பழைய பழக்கம். அதில் முக்கால் பங்கு தண்ணீர், உலர்ந்த பகுதியிலும் கணிசமான பங்கு நுண்ணுயிர்கள், குடல் சுவரிலிருந்து உதிர்ந்த செல்கள் வேறு. பழுப்பு நிறம்கூட உணவிலிருந்து வந்ததல்ல, பித்தநீரின் நிறமி மாறி வந்தது. அந்த உம்மை, மிச்ச உணவோடு வேறு சிலவும் போகின்றன என்று சொல்லாமல் சொல்கிறது. வகுப்பில் "வேறென்ன போகும்?" என்று கேட்க அது ஒரு கொக்கி.

பாட்டு சரியாக அமைந்தாலும் அதற்குள் தீராத ஒரு குறை உண்டு. பத்து நொடிக்கும் நாலடி, ஒன்றரை நாளுக்கும் நாலடி. தாளம் எல்லா உறுப்பையும் சமமாக்கிவிடுகிறது. அதைச் சார்ட்டுதான் திருத்த வேண்டும். ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் நேரத்தை எழுதிவிடலாம்: வாயில் ஒரு நிமிடத்துக்குள், உணவுக்குழலில் பத்து நொடி, இரைப்பையில் மூன்று நான்கு மணி, சிறுகுடலில் மூன்றிலிருந்து ஐந்து மணி, பெருங்குடலில் ஒருநாள் அல்லது அதற்கும் மேல். இவை சராசரி, ஆளுக்கு ஆள் மாறும் என்பதையும் ஒரு வரியில் எழுதலாம்.

இருபத்து நான்கு அடியும் ஒரு முழு சார்ட் தாளில் அடங்காது. தாள் சுமார் 56க்கு 71 சென்டிமீட்டர். நடுவில் உடல் படம் 26 சென்டிமீட்டர் எடுத்துக்கொண்டால் பக்கத்துக்கு 15தான் மிஞ்சும். நீளமான அடிகளில் இடைவெளியோடு இருபது எழுத்துக்குக் குறையாது என்பதால் எழுத்து முக்கால் சென்டிமீட்டருக்குச் சுருங்கிவிடும். முதல் பெஞ்சைத் தாண்டினால் படிக்க முடியாது. இரண்டு தாளை நீளவாக்கில் ஒட்டி அகலத்தை 112 ஆக்கி, நடுவில் 40 விட்டு, இருபுறமும் 36 வைத்துக்கொண்டால் எழுத்து ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் வரும். பக்கத்துக்கு மூன்று பத்தி, பன்னிரண்டு அடி, அடிக்கு நாலரை சென்டிமீட்டர். தமிழுக்கு மேலே விலங்கும் கீழே சுழியும் வருவதால் ஆங்கிலச் சார்ட்டைவிட அடிகளுக்கு நடுவே தாராளமாக விட வேண்டும், இல்லாவிட்டால் மேலடியின் உகரச் சுழி கீழடியின் புள்ளியில் இடிக்கும்.

படத்தில் உணவு போகும் பாதையை ஒரே தடித்த கோடாக, எங்கும் அறுபடாமல் வரைய வேண்டும். கல்லீரல், பித்தப்பை, கணையம் மூன்றிலிருந்தும் வரும் நாளங்களுக்குப் புள்ளிக்கோடு, அம்புக்குறி குடலை நோக்கி மட்டும். சிறுகுடலிலிருந்து வெளியே போகும் இரண்டு பாதைகளில் இரத்தத்துக்குச் சிவப்பு, நிணநீருக்கு மஞ்சள். வரைந்து முடித்தபின் பாட்டை ஒரு தாளால் மறைத்துவிட்டு, நண்பகல் 12 மணிக்குச் சாப்பிட்ட அந்த வாய் மாலை 5 மணிக்கு எங்கே இருக்கும் என்று ஒரு பிள்ளையிடம் கேட்டுப் பார்க்கலாம். "குடலில்" என்று மட்டும் சொன்னால் பாட்டு இன்னும் ஒரே உருண்டையைத்தான் காட்டுகிறது. "சோறு பெரும்பாலும் குருதியில் சேர்ந்திருக்கும், நெய் நிணநீரில் ஏறிக்கொண்டிருக்கும், கத்தரி விதை இன்னும் சிறுகுடலில்தான்" என்று சொன்னால் சார்ட்டைச் சுவரில் மாட்டலாம்.